பேப்பர் பேட்டர்னில் உள்ள குறிகளைப் படிப்பது எப்படி: வெட்டுவதற்கு முன்பும் தைக்கும்போதும்

உடையின் ஒவ்வொரு துண்டையும் அளவாக வரைந்த தாள்தான் பேப்பர் பேட்டர்ன். நம் ஊர்த் தையல் கடைகளில் அதற்குப் பெரும்பாலும் வேலையில்லை. அளவு எடுத்து, துணியை மடித்துப் போட்டு, சாக்கால் நேராகத் துணியின் மேலேயே வரைந்து வெட்டிவிடுவார்கள். துணி எந்த வாட்டத்தில் இருக்க வேண்டும், கையின் முன்பக்கம் எது, துணியைக் கூராக மடித்துத் தைக்கும் டார்ட் எங்கே முடிய வேண்டும் என்பதெல்லாம் அந்த டெய்லரின் கையிலேயே இருக்கிறது. எழுதிவைக்க அவருக்குத் தேவையில்லை.

ஆனால் பேட்டர்னை வைத்துத் தைக்கும்போது அதை வரைந்தவர் நம் பக்கத்தில் இல்லை. அதனால் அவர் சொல்ல வேண்டியதையெல்லாம் அம்புகளாகவும் முக்கோணங்களாகவும் புள்ளிகளாகவும் தாளிலேயே போட்டுவைக்கிறார். புதிதாகத் தைக்கத் தொடங்குபவர்கள் அந்தத் தாளின் வெளிக்கோட்டை மட்டும் பார்த்து, அதன்படி துணியை வெட்டிவிட்டு, தாளை ஓரமாக வைத்துவிடுகிறார்கள். அங்கேதான் சிக்கல். வெளிக்கோடு எங்கே வெட்டுவது என்பதை மட்டுமே சொல்கிறது. எப்படி இணைப்பது என்பதை உள்ளே இருக்கும் குறிகள் சொல்கின்றன. தாளைத் துணியிலிருந்து எடுப்பதற்கு முன் அந்தக் குறிகள் அனைத்தும் துணிக்கு மாறியிருக்க வேண்டும்.

ஒரு எளிய உடையை எடுத்துக்கொள்வோம்: இழுத்தால் நீளாத பருத்தித் துணியில், பக்கவாட்டில் ஒரு மார்பு டார்ட் வைத்த அரைக்கை டாப். மூன்றே தாள் துண்டுகள்: முன்பக்கம், பின்பக்கம், கை. துணி 44 அங்குல அகலம், ஒன்றே முக்கால் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் தாள் சரிதானா என்று பாருங்கள்

கணினியிலிருந்து அச்சிடும் பேட்டர்ன் என்றால், அச்சிடும் பெட்டியில் Actual size அல்லது 100% என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். Fit என்று விட்டால் அச்சுப்பொறி பக்கத்தைச் சற்றுச் சுருக்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது, உடம்பில் தெரியும். இதற்காகவே முதல் பக்கத்தில் ஒரு சோதனைச் சதுரம் இருக்கும். அதன் பக்கத்தில் எழுதியிருக்கும் அளவை ஸ்கேலால் சரிபார்த்த பிறகே மற்ற பக்கங்களை அச்சிடுங்கள். இஞ்ச் டேப்பை நம்ப வேண்டாம், பழைய டேப் நீண்டுபோயிருக்கும்.

அடுத்து, தையல் ஓரம், அதாவது தையல் கோட்டுக்கு வெளியே விடும் துணி, சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவின் சிம்ப்ளிசிட்டி, மெக்கால்ஸ் போன்ற பேட்டர்ன்களில் பொதுவாக எட்டில் ஐந்து பங்கு அங்குலம், அதாவது ஏறத்தாழ 1.5 சென்டிமீட்டர், ஓரம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். ஜெர்மனியின் புர்டா இதழில் வரும் பேட்டர்ன்களில் ஓரம் இருக்காது; நாம்தான் சேர்க்க வேண்டும். தனியாக வடிவமைத்து விற்பவர்கள் பலர் 1 சென்டிமீட்டர் வைக்கிறார்கள். தாளிலோ குறிப்பிலோ எங்காவது எழுதியிருக்கும், தேடிப் படியுங்கள். 1.5 சென்டிமீட்டர் ஓரத்தோடு வரைந்த உடையை 1 சென்டிமீட்டரில் தைத்தால், ஒவ்வொரு விளிம்பிலும் அரை சென்டிமீட்டர் மிஞ்சும். இரண்டு பக்கத் தையல்களில் நான்கு விளிம்புகள் இருக்கின்றன, ஆகச் சுற்றளவு 2 சென்டிமீட்டர் பெரிதாகிவிடும். நாம் எடுத்துக்கொண்ட டாப்பில் 1 சென்டிமீட்டர் ஓரம் சேர்ந்திருக்கிறது என்று கொள்வோம்.

பின்னால் தையலைப் பிரித்து உடையைப் பெரிதாக்க வசதியாகப் பக்கங்களில் கூடுதல் துணி விடுவது நம் வழக்கம். அது நல்ல வழக்கம்தான். ஆனால் அந்தக் கூடுதலைப் பேட்டர்னின் வெளிக்கோட்டுக்கு வெளியே சேர்த்து, உண்மையான தையல் கோட்டைச் சாக்கால் துணியில் வரைந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் எந்தக் கோட்டில் தைப்பது என்பதே குழம்பிவிடும்.

அம்புக்குறி

ஒவ்வொரு தாள் துண்டின் நடுவிலும் நீளமான ஒரு கோடு, நுனிகளில் அம்புத் தலையோடு இருக்கும். இதுதான் கிரெயின்லைன். துணியின் பாவு நூல் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பதை அது காட்டுகிறது. பாவு நூல் தறியில் நீளவாக்கில் இறுக்கமாகக் கட்டப்பட்டது, குறைவாகத்தான் இழுபடும். குறுக்கே ஓடும் ஊடை சற்றுக் கூடுதலாக இளகும். இரண்டுக்கும் நடுவே, 45 பாகைச் சாய்வில் இழுத்துப் பாருங்கள், துணி ரப்பர் போல நீளும். அதைத்தான் கடைகளில் கிராஸ் என்கிறார்கள். ஒரே துணி மூன்று திசைகளில் மூன்று விதமாக நடந்துகொள்வதால்தான் தாளை எந்தக் கோணத்தில் வைக்கிறோம் என்பது இவ்வளவு முக்கியமாகிறது.

பாவு எது என்று கண்டுபிடிப்பது எளிது: துணியின் இரு விளிம்புகளிலும் நெருக்கமாக நெய்த கரை இருக்கும், பாவு அதற்கு இணையாக ஓடும். கரை இல்லாத துண்டுத் துணி என்றால் இரண்டு வாட்டத்திலும் சிறிது இழுத்துப் பார்த்து, குறைவாக நீளும் திசையைப் பாவாக எடுத்துக்கொள்ளலாம்.

வெட்டுவதற்கு முன் துணியை நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். பருத்தி சுருங்கும், அது தைத்த பிறகு சுருங்கினால் நமக்கு வேலை இரட்டிப்பு. பிறகு வெட்டுமுனையில் ஒரு ஊடை நூலைப் பிடித்து மெதுவாக உருவி, அது விட்ட தடத்தில் கத்தரித்தால் முனை நேராகும். கடையில் கிழித்தோ வெட்டியோ கொடுத்த முனையை நேர் என்று நம்பக் கூடாது. முனையை நேராக்கிய பிறகும் துணியை மடித்தால் மூலைகள் பொருந்தவில்லை என்றால் நெசவு சாய்ந்திருக்கிறது என்று பொருள். குட்டையான மூலைகளை எதிரெதிரே இரண்டு பேர் பிடித்துச் சாய்வாக இழுத்தால் ஓரளவு நேராகும். அச்சுப்பூ போட்ட மலிவுத் துணிகளில் சாய்வு அச்சோடு சேர்ந்து உறைந்துவிடுவதும் உண்டு, அது இழுத்தாலும் வராது. அப்போது நூலைப் பார்ப்பதா, அச்சைப் பார்ப்பதா? கட்டம் அல்லது கோடு போட்ட துணியில் அச்சைப் பாருங்கள், கண்ணுக்கு அதுதான் தெரியும். சின்னப் பூக்கள் என்றால் நூலைப் பாருங்கள்.

இப்போது துணியை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி நீளவாக்கில் மடியுங்கள். கரையோடு கரை சேர்த்துப் பிடித்துத் தூக்கினால், மடிப்பில் சாய்வான சுருக்கங்கள் தெரியக் கூடாது. தெரிந்தால் ஒரு கரையை இடமோ வலமோ மெல்ல நகர்த்துங்கள். சுருக்கம் மறையும் இடமே சரியான இடம். வெட்டுமுனைகள் அங்கே சமமாக இல்லாவிட்டால் கவலைப்பட வேண்டாம்.

கையின் தாளை வைப்போம். அதன் அம்பு நடுவில் நீளமாக ஓடுகிறது. அம்பின் மேல் நுனியிலிருந்து கரை வரை அளந்தால் 9 அங்குலம். அந்த நுனியில் ஒரு குண்டூசி குத்துங்கள். கீழ் நுனியிலிருந்து அளந்தால் ஒன்பதே கால். அப்படியானால் தாள் சாய்ந்திருக்கிறது. குத்திய ஊசியைச் சுற்றித் தாளைக் கொஞ்சம் திருப்பி, கீழேயும் சரியாக 9 அங்குலம் வரும்போது இரண்டாவது ஊசியைக் குத்துங்கள். அதற்குப் பிறகே மற்ற ஊசிகள். கண்ணளவில் வைத்துவிட்டு அளக்காமல் விடுவதே எல்லோரும் செய்வது. அம்பு மிகக் குட்டையாக இருந்தால் ஸ்கேல் வைத்து அதைத் தாளின் இரு முனைகள் வரை நீட்டிக்கொள்ளுங்கள். கோடு எவ்வளவு நீளமோ, அளவு அவ்வளவு துல்லியமாகும்.

சில தாள்களில் அம்பு சாய்வாகப் போட்டிருக்கும். தாள் கோணலாகக் கிடக்கிறதே என்று நினைத்து அதை நிமிர்த்தி வைப்பவர்கள் உண்டு. வேண்டாம். அம்புதான் கரைக்கு இணையாக இருக்க வேண்டும், தாள் எப்படிக் கிடந்தாலும் சரி. கிராஸ் கட்டிங் பிளவுஸின் முன்பக்கத் துண்டில் அம்பு இப்படித்தான் 45 பாகையில் இருக்கும். மார்பின் வளைவில் துணி இளகி ஒட்டி உட்கார வேண்டும் என்பதற்காகவே அந்தச் சாய்வு.

முன்பக்க, பின்பக்கத் தாள்களில் வேறொரு குறி: இரு முனைகளும் ஒரு விளிம்பை நோக்கி வளைந்த அம்பு. அந்த விளிம்பு மடிப்பின் மேல் சரியாக உட்கார வேண்டும் என்று பொருள். அங்கே வெட்டக் கூடாது. மடிப்பு பாவுக்கு இணையாக இருந்தால் கிரெயின் தானாகவே சரியாகிவிடும். தாளை மடிப்பிலிருந்து கால் அங்குலம் தள்ளி வைத்தால், விரித்த பிறகு முன்பக்கம் முழுவதும் அரை அங்குலம் அகலமாகிவிடும். கழுத்து முதலில் விரியும், பிறகு தோளிலிருந்து சரியும்.

அம்புத் தலை ஒரு பக்கம் மட்டுமே இருந்தால், பெரும்பாலும் எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் வைக்கச் சொல்கிறார்கள். வெல்வெட் போன்ற துணிகளுக்கும், மேல் கீழ் என்று திசை உள்ள அச்சுகளுக்கும் இது தேவை. அம்பு என்ன சொன்னாலும் உங்கள் துணியில் மயில் நிமிர்ந்து நிற்கிறது என்றால், எல்லாத் துண்டுகளிலும் அது நிமிர்ந்து நிற்கும்படி வையுங்கள்.

அம்பை வேண்டுமென்றே மீறும் ஒரு சந்தர்ப்பம் நம்மிடம் தினமும் வருகிறது: சேலையோடு வரும் பிளவுஸ் துணி. பார்டர் கரையோடு கரையாக நீளவாக்கில் ஓடும். அந்தப் பார்டர் கையின் கீழ் விளிம்பில் வர வேண்டும் என்றால், கையின் தாளைச் சரியாக 90 பாகை திருப்பி, கீழ் விளிம்பைப் பார்டரில் வைக்க வேண்டும். அப்போது அம்பு ஊடையோடு ஓடும். இறுக்கமாக நெய்த துணியில் இதனால் கெடுதல் இல்லை. ஆனால் அம்பு பார்டருக்குச் சரியான செங்குத்தாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எண்பதோ நூறோ ஆகிவிட்டால் கை முறுக்கிக்கொள்ளும், பார்டரும் கோணலாகத் தெரியும்.

கிரெயின் தவறினால் வெட்டிய அன்று ஒன்றும் தெரியாது. தைத்து, சில முறை துவைத்த பிறகு பக்கத் தையல் இடுப்பிலிருந்து முன்னால் சுற்றி வரும். கை மணிக்கட்டுப் பக்கம் திருகும். அதைப் பிரித்துச் சரிசெய்ய முடியாது, துணியே அப்படி வெட்டப்பட்டுவிட்டது.

எத்தனை துண்டு என்ற எழுத்து

ஒவ்வொரு தாளிலும் எத்தனை துண்டு வெட்ட வேண்டும் என்று எழுதியிருக்கும். முன்பக்கமும் பின்பக்கமும் மடிப்பில் ஒவ்வொன்று, கை இரண்டு. மடித்த துணியில் கையை வெட்டினால் இடது, வலது இரண்டும் தானாகக் கிடைத்துவிடும். துணி போதாமல் ஒற்றை அடுக்கில் வெட்ட நேர்ந்தால், முதல் துண்டை வெட்டிய பிறகு தாளைக் கவிழ்த்து வைத்து இரண்டாவதை வெட்டுங்கள். மறந்தால் இரண்டும் இடது கையாகிவிடும். நம் டாப்பில், 44 அங்குலத் துணியை மடித்தால் 22 அங்குலம். மடிப்பின் மேல் முன்பக்கம், அதற்குக் கீழே பின்பக்கம், அதற்கும் கீழே கை என்று வரிசையாக வைத்தால் இடம் போதும்.

நாட்ச் என்னும் சின்ன முக்கோணங்கள்

வெட்டுக் கோட்டின் மேல் ஆங்காங்கே சின்ன முக்கோணம், அல்லது உள்நோக்கிய சின்னக் கோடு இருக்கும். இவை நாட்ச். ஒரு துண்டில் இருக்கும் நாட்சுக்கு, அதோடு இணையும் துண்டில் ஒரு ஜோடி உண்டு. இரண்டும் சந்திக்க வேண்டும்.

கைக்குழியில் ஒரு பொது வழக்கம் இருக்கிறது: ஒற்றை நாட்ச் முன்பக்கம், இரட்டை நாட்ச் பின்பக்கம். கையின் தாளைப் பாருங்கள், மேல் வளைவின் ஒரு சரிவில் ஒன்று, மற்றதில் இரண்டு, உச்சியில் தோள் தையலுக்கு ஒன்று. ஒற்றை நாட்ச் இருக்கும் சரிவு உள்ளே சற்றுக் கூடுதலாகக் குழிந்திருக்கும், ஏனென்றால் நம் கைகள் முன்னால் நீளுகின்றன; இரட்டை நாட்ச் சரிவு சற்றுத் தடித்திருக்கும். இரண்டையும் மாற்றித் தைத்தால் தையல் விழும், உடையும் முடியும். ஆனால் கையை முன்னால் நீட்டினால் முதுகில் இழுக்கும், முன்பக்கம் அக்குளருகே துணி மடிந்து நிற்கும். கை கோணலாக உட்கார்ந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

துணியில் நாட்சைக் குறிக்க மூன்று வழி. வேகமானது, தையல் ஓரத்துக்குள் ஒரு சின்ன வெட்டு: 3 மில்லிமீட்டர், அதற்கு மேல் வேண்டாம். 1 சென்டிமீட்டர் ஓரத்தில் 3 மில்லிமீட்டர் வெட்டு பாதுகாப்பானது. கத்தரியின் நுனியால் மட்டும் வெட்டுங்கள், கத்தரியை முழுதாகத் திறந்தால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. நூல் பிரியும் பட்டு, லூசான கைத்தறி போன்றவற்றில் வெட்ட வேண்டாம், முக்கோணத்தை வெளிப்புறமாக விட்டு வெட்டுங்கள். அதற்கும் மனமில்லை என்றால் சாக்குக் கோடு அல்லது ஒரு நூல் முடிச்சு. நான் பருத்திக்கு வெட்டையும் மற்றதற்கெல்லாம் நூலையும் வைத்துக்கொள்கிறேன். சாக் கைபட்டு அழிந்துவிடுகிறது.

மடிப்பில் வைத்த துண்டுகளுக்கு ஒரு நல்ல பழக்கம்: கழுத்திலும் கீழ் விளிம்பிலும், மடிப்பின் முனையிலேயே ஒரு சின்ன வெட்டு போட்டுவிடுங்கள். தாளில் இருக்காது. ஆனால் நடுக்கோடு எது என்று பிறகு தேட வேண்டியிருக்காது.

டார்ட்

தட்டையான துணியை வளைவான உடம்புக்குப் பொருத்துவது டார்ட்தான். தாளில் அது பக்கவாட்டு விளிம்பிலிருந்து மார்பை நோக்கிப் போகும் ஒரு கூர்மையான முக்கோணம். இரண்டு கால் கோடுகள், அவை சேரும் நுனிப்புள்ளி. சிலவற்றில் நடுவே ஒரு மடிப்புக் கோடும் இருக்கும்.

வெட்டும் முன்பு பேட்டர்னை உடம்பில் ஒருமுறை பிடித்துப் பாருங்கள். நுனிப்புள்ளி மார்பின் உச்சிக்குச் சுமார் ஒரு அங்குலம் முன்னாலேயே நிற்க வேண்டும். உச்சியைத் தொட்டால் அங்கே கூம்பு போல நீட்டிக்கொண்டு நிற்கும். நுனி மேலேயோ கீழேயோ இருந்தால் அந்த ஒரு புள்ளியை மட்டும் நகர்த்தி, அதிலிருந்து பழைய கால் முனைகளுக்குப் புதிய கோடுகள் போடுங்கள். பிறகு தாளில் டார்ட்டை மடித்து, மடிப்பைக் கீழ்நோக்கிச் சாய்த்து, பக்க விளிம்பைச் சீராக வெட்டுங்கள்.

இப்படி வெட்டிய பிறகு தாளை விரித்தால், டார்ட்டின் வாயில் விளிம்பு நேராக இல்லாமல் ஒரு சின்னக் கூம்பாக வெளியே நீண்டிருக்கும். எல்லா நல்ல பேட்டர்ன்களிலும் இது இருக்கும். அச்சுப்பிழை என்று நினைத்து நேராக வெட்டிவிடாதீர்கள். டார்ட்டை மடித்துக் கீழே சாய்க்கும்போது அந்தக் கூம்புதான் பக்கத் தையலுக்குள் போய் மாட்டுகிறது. நேராக வெட்டியிருந்தால் டார்ட்டின் மடிப்பு விளிம்பை எட்டாது, பக்கத் தையலில் பிடிபடாமல் உள்ளே தொங்கும்.

குறிகளைத் துணிக்கு மாற்றுவது இப்படி. தாள் துணியோடு ஊசி குத்தியபடியே இருக்கட்டும். நுனிப்புள்ளியில் ஒரு குண்டூசியைச் செங்குத்தாக, தாள், மேல் அடுக்கு, கீழ் அடுக்கு மூன்றையும் ஊடுருவும்படி குத்துங்கள். கால்கள் விளிம்பைத் தொடும் இரண்டு இடங்களிலும் 3 மில்லிமீட்டர் வெட்டுகள் போதும். இப்போது துணியைக் கவிழ்த்து, ஊசி வெளியே வந்த இடத்தில் சாக்கால் ஒரு புள்ளி. திரும்பக் கவிழ்த்து, தாளை ஊசியின் தலை வழியாகக் கிழித்து எடுத்து, மேல் அடுக்கிலும் ஒரு புள்ளி. நல்ல பக்கம் உள்ளே இருப்பதால் இரண்டு புள்ளிகளும் துணியின் உள்பக்கத்தில் விழுகின்றன, வெளியே கறை தெரியாது. பிறகு ஸ்கேல் வைத்துப் புள்ளியையும் வெட்டுகளையும் இணைத்தால் கால் கோடுகள் தயார்.

தைக்கும்போது நல்ல பக்கம் உள்ளே வரும்படி மடித்து, விளிம்பில் இரண்டு வெட்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்துங்கள். மேலே இருக்கும் கோட்டில் குத்திய ஊசி கீழே இருக்கும் கோட்டிலேயே வெளிவருகிறதா என்று திருப்பிப் பாருங்கள். அகலமான வாயிலிருந்து நுனியை நோக்கித் தைக்க வேண்டும். வாயில் ரிவர்ஸ் தையல் போடுங்கள். நுனிக்கு அரை அங்குலம் இருக்கும்போது தையல் நீளத்தை 1.5 மில்லிமீட்டருக்குக் குறையுங்கள். கடைசி மூன்று நான்கு தையல்கள் மடிப்பின் ஓரத்திலேயே, ஒன்றிரண்டு நூல்களை மட்டும் பிடித்தபடி ஓடி, துணிக்கு வெளியே இறங்க வேண்டும். நுனியில் ரிவர்ஸ் வேண்டாம். மூன்று அங்குல நூல் விட்டு வெட்டி, கையால் இரண்டு முடிச்சு.

நுனியில் குழி போல ஒரு சுருக்கம் விழுகிறதா? தையல் நுனிக்கு வரும்போது திடீரென்று வெளியேறிவிட்டது என்று அர்த்தம். கடைசி ஒரு அங்குலத்தைப் பிரித்து, இன்னும் மெதுவாகச் சாய்த்துத் தையுங்கள். இஸ்திரியும் இதில் பாதி வேலை. முதலில் தைத்தபடியே தட்டையாக ஒரு அழுத்து, பிறகு சுருட்டிய துண்டின் வளைவில் வைத்து டார்ட்டைக் கீழ்நோக்கிச் சாய்த்து ஒரு அழுத்து. இடுப்பிலிருந்து மேலே போகும் டார்ட் என்றால் நடுவை நோக்கிச் சாய்ப்பார்கள்.

இணைக்கும் வரிசை

டார்ட் தைத்ததும் பக்க விளிம்பை அளந்து பாருங்கள். நம் டாப்பின் தாளில் முன்பக்கத்தின் பக்க விளிம்பு 15 அங்குலம், பின்பக்கத்தினுடையது 14. அந்த ஒரு அங்குல வித்தியாசம்தான் டார்ட்டின் வாய். டார்ட் மூடியதும் முன்பக்கமும் 14 ஆகிவிட வேண்டும். பதினான்கே கால் அங்குலம் வந்தால், டார்ட் ஒவ்வொரு காலிலும் அரைக்கால் அங்குலம் குறைவாகப் பிடிக்கப்பட்டிருக்கிறது. கீழ் விளிம்பில் கூடுதலை வெட்டிவிடுவது எளிதான வழி, தவறான வழி. கைக்குழியும் டார்ட்டும் சேர்ந்து கீழே இறங்கிவிட்டிருக்கும். டார்ட்டைப் பிரித்து வாயைச் சரியாகப் பிடியுங்கள். இந்தக் கணக்கைத் தாளிலேயே வெட்டுவதற்கு முன் போட்டுவிட்டால் பேட்டர்னில் பிழை இருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும்.

பிறகு தோள். முன்பக்கத் தோளையும் பின்பக்கத் தோளையும் நல்ல பக்கங்கள் பார்த்திருக்கும்படி வையுங்கள். கழுத்துப் பக்கத்தில் முனைகள் சரியாகப் பொருந்தாமல், ஒன்றின் காது சற்று வெளியே நீட்டிக்கொண்டு தெரியலாம். அதைப் பொருத்தப் பார்க்காதீர்கள். பொருந்த வேண்டியது வெட்டிய முனையல்ல, தையல் கோடு. இரண்டு துண்டுகளிலும் விளிம்பிலிருந்து 1 சென்டிமீட்டர் உள்ளே இருக்கும் புள்ளிகள் சந்திக்கும்படி ஊசி குத்துங்கள். காதுகள் வெளியே நிற்கட்டும், தைத்த பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

தோள் முடிந்ததும், பக்கத் தையல் போடாமல் உடையை விரித்தபடியே கையைப் பொருத்துவது புதியவர்களுக்குச் சுலபம். உச்சி நாட்ச் தோள் தையலில், ஒற்றை ஒற்றையோடு, இரட்டை இரட்டையோடு, இரு முனைகளும் அக்குளில். ஊசி குத்தினால் ஒரு விஷயம் தெரியும்: அக்குளிலிருந்து நாட்ச் வரை இரண்டு துணிகளும் சமமாக இருக்கும், நாட்சுக்கு மேலே கையின் துணி மிஞ்சும். இது பிழையல்ல. தோளின் உருண்டைக்காகக் கையின் வளைவு கைக்குழியைவிடச் சற்று நீளமாக வரையப்பட்டிருக்கும், சுமார் ஒரு அங்குலம் வரை. அந்தக் கூடுதலை இரண்டு நாட்சுகளுக்கு இடையே மட்டும், உச்சியின் இருபுறமும் சமமாகப் பரப்ப வேண்டும். தையல் ஓரத்துக்குள் நீளத் தையல் இரண்டு வரி போட்டு, நூலை லேசாக இழுத்தால் துணி சேர்ந்து வரும்; மடிப்பு விழும் அளவுக்கு இழுக்க வேண்டாம். கையின் துணி கீழே, உடையின் துணி மேலே இருக்கும்படி மெஷினில் வைத்தால், கீழ்ப்பற்கள் மிஞ்சிய துணியைத் தாமே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

நாட்சைப் பார்க்காமல், அக்குளில் தொடங்கி விளிம்போடு விளிம்பு வைத்து ஓட்டிக்கொண்டே போனால், மிஞ்சிய அந்த ஒரு அங்குலம் முழுவதும் மறுமுனையில் போய்ச் சேரும். அங்கே அதை வெட்டி எறிந்துவிட்டால், உச்சி தோளிலிருந்து விலகி, கை முழுவதும் ஒரு பக்கம் திரும்பிவிடும்.

கடைசியாகப் பக்கத் தையல். கையின் கீழ் விளிம்பில் தொடங்கி, அக்குள் வழியாக, டாப்பின் கீழ் விளிம்பு வரை ஒரே ஓட்டம். அக்குளில் முன்னும் பின்னும் உள்ள கைத்தையல்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக நிற்க வேண்டும், அங்கே முதல் ஊசி. டார்ட்டுக்குக் கீழே பக்க விளிம்பில் இருக்கும் நாட்சில் இரண்டாவது. மூன்றாவது கீழ் முனையில். இவை மூன்றும் பொருந்திய பிறகு இடையில் எங்காவது துணி உப்பி நின்றால், தைக்கும்போது இழுத்துச் சமாளிக்காமல் அந்த இடத்தில் டார்ட்டின் வாயை மறுபடி அளந்து பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஓவர்லாக் போடுவதற்கு முன் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. ஓவர்லாக் பிளேடு விளிம்பைச் சீவும்போது நாட்ச் வெட்டுகளும் போய்விடுகின்றன. அதற்குப் பிறகு பிரித்துத் தைக்க நேர்ந்தால் எதை எதோடு சேர்ப்பது என்பதற்குத் தாளை மறுபடி எடுத்து வைத்துத்தான் பார்க்க வேண்டும்.